புள்ளியும் எரியணும்: மருந்துக் கடைக்கு இரவு போர்டு போட்ட அனுபவம்

என் தங்கை கடலூர் செம்மண்டலத்தில், நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி மருந்துக் கடை வைத்திருக்கிறாள். பழைய போர்டு ஃப்ளெக்ஸ் ஒட்டிய தகரப் பெட்டி. உள்ளே நாலு டியூப்லைட். அதில் இரண்டு எரியும், ஒன்று சிமிட்டும், ஒன்று எப்போதோ செத்துவிட்டது. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கைக்குழந்தையோடு கடையைத் தாண்டிப் போய், அடுத்த திருப்பத்தில் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். "இத்தனை நாளா இந்த ரோட்லதான் போறேன், இங்க மெடிக்கல் இருக்கறதே தெரியலம்மா" என்றாராம். தங்கை அன்று ராத்திரியே எனக்கு போன் போட்டாள். நான் சிப்காட் பக்கம் ஒரு ஆலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். மோட்டார், பேனல் எல்லாம் தெரியும், போர்டு செய்தது கிடையாது.

முதலில் வந்த போர்டு கடைக்காரர் டேப்பைப் பிடித்து முகப்பை அளந்தார். 12 அடி. "பன்னெண்டுக்கு மூணு, ஒரு அடி எழுத்து, உள்ள எல்.இ.டி., ஜம்முன்னு இருக்கும் சார்" என்று விலை சொல்லிவிட்டுப் போனார். யார் எங்கிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் இருட்டியதும் ரோட்டில் இறங்கி நடந்து பார்த்தேன். கணக்கே வேறாக இருந்தது.

பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு வினாடிக்கு சுமார் 11 மீட்டர் கடக்கிறார். பார்த்து, புரிந்து, பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, ஓரங்கட்ட மூணு நாலு வினாடி வேண்டும். அப்படியென்றால் 40 மீட்டருக்கு முன்பே அவருக்குக் கடை தெரிந்தாக வேண்டும். ஆனால் சுவரோடு சேர்த்து மாட்டிய போர்டு 40 மீட்டரிலிருந்து எப்படித் தெரியும்? வண்டி ஓடும் தடத்துக்கும் கடைச் சுவருக்கும் நடுவே சுமார் 7 மீட்டர். அந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் போர்டை நேராகப் பார்ப்பதில்லை, ஏறக்குறைய விளிம்போடு பார்க்கிறார். எழுத்தின் உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு சாண் அகல எழுத்து நாலு விரற்கடைகூடத் தெரியாது. 15 மீட்டர் கிட்டே வந்தாலும் பாதிக்கும் குறைவுதான். அதற்குள் அவர் கடையைத் தாண்டும் நேரம் வந்துவிடும். 12 அடி போர்டை 20 அடி ஆக்கினாலும் இது மாறாது.

எனவே இரண்டு போர்டு என்று முடிவு செய்தேன். எதிர்ப்பக்கம் நடந்து வருபவர்களுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து நிற்பவர்களுக்கும் முகப்பில் ஒன்று. ரோட்டோடு வருபவர்களுக்கு, சுவருக்குக் குறுக்கே வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு முகமும் எரிகிற பெட்டி ஒன்று. இந்த நீட்டல் பெட்டிதான் உண்மையில் ராத்திரி வேலை செய்வது. ஆனால் எல்லாரும் பணத்தை முகப்பில்தான் கொட்டுகிறார்கள்.

நீட்டல் பெட்டியில் எழுத்தை நம்பவில்லை. பச்சை நிறத்தில் ஒரு கூட்டல் குறி, 60 சென்டிமீட்டர், கை 20 சென்டிமீட்டர் தடிமன். இவ்வளவு எளிய உருவத்தைத் தெருக் கோடியிலிருந்தே கண் பிடித்துக்கொள்ளும். சிவப்பில் போடலாமே என்று தங்கை கேட்டாள். பல கடைகளில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் வெள்ளையில் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம். அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் தடை போடுகிறது. "பச்சைன்னா கிளினிக்னு நினைச்சுக்குவாங்கண்ணா" என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் குறிக்குக் கீழே "மருந்து" என்ற நாலு எழுத்தைச் சேர்த்தோம். பெட்டி 75 சென்டிமீட்டர் அகலம், 110 உயரம், 15 ஆழம். தூரத்தில் குறி இழுக்கும், வேகம் குறைத்துக் கிட்டே வந்த பிறகு எழுத்து உறுதி சொல்லும். பெட்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 9 அடிக்கு மேல், முழுக்கக் கடைப் படிக்கட்டுக்கு உள்பட்ட இடத்தில். எதிரே போகிற ஈ.பி. கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது தாழ்வழுத்தக் கம்பிக்கான விதி. அதை அளந்த பிறகுதான் பெட்டியை எந்தத் தூணில் மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

இனி முகப்பு எழுத்து. இங்கேதான் தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது.

போர்டு கடைக்காரர் "ஒரு அடி எழுத்து" என்றால் எதிலிருந்து எதுவரை ஒரு அடி? ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அந்தக் கேள்வியே வராது, எல்லாம் ஒரே உயரம். தமிழில் 'ந்' மேலே புள்ளி, கீழே வால். 'ரு' கீழே இறங்கும், 'த' கீழே இறங்கும். அவர் கணினியில் காட்டிய வரைபடத்தில் ஒரு அடி என்பது புள்ளியின் உச்சியிலிருந்து வாலின் நுனி வரை. 'க', 'ம' போன்ற எழுத்தின் உடம்பை மட்டும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 18 சென்டிமீட்டர்தான் வந்தது. நாம் படிப்பது அந்த உடம்பை. ஒரு அடிக்குக் காசு கொடுத்து ஒரு சாணுக்கும் குறைவான எழுத்தை வாங்கியிருப்போம்.

எவ்வளவு வேண்டும் என்று பார்க்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. நல்ல பார்வை உள்ள கண் 10 மீட்டர் தூரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். 40 மீட்டருக்கு 12 மில்லி. ஆனால் ராத்திரி, எதிர் வண்டியின் ஹெட்லைட், கண்ணாடி மாற்றவேண்டிய வயசு எல்லாம் சேர்ந்தால் அதை இரட்டிப்பாக்க வேண்டும், 24 மில்லி. இது எழுத்தின் உயரம் அல்ல. எழுத்துக்குள் இருக்கும் மிகச் சின்ன சந்து, அதாவது 'த'வின் சுழிக்குள்ளும் 'ரு'வின் வளைவுக்குள்ளும் உள்ள வெற்றிடம். அந்தச் சந்து அடைபட்டால் எழுத்து வெறும் வெளிச்சக் கட்டி. 'ண', 'ன' உள்ள கடைப் பெயர்களில் இது இன்னும் மோசம். சுழி இரண்டா மூன்றா என்று ராத்திரியில் சத்தியமாகத் தெரியாது.

அட்டையில் இரண்டு அளவில் "ருந்த" என்று வெட்டி, பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, கடை ஷட்டருக்கு மேலே கட்டி, பின்னால் ஒரு எல்.இ.டி. பட்டை லைட்டைப் பிடிக்க வைத்தேன். தங்கை மகன்தான் பிடித்தான், கை வலிக்குது மாமா என்று முனகிக்கொண்டே. நான் எதிர்ப் பக்கம் பின்னோக்கி நடந்தேன். உடம்பு 18 சென்டிமீட்டர் எழுத்தில் 'ந்'தும் 'த'வும் முப்பதடி நடப்பதற்குள் தடுமாறவில்லை, ஆனால் ரோட்டின் மறுகோடிக்குப் போனதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 25 சென்டிமீட்டர் எழுத்து அங்கேயும் பிரிந்தே தெரிந்தது. உடம்பு 25 என்று எழுதிக் கொடுத்தேன். புள்ளியும் வாலும் சேர்த்தால் மொத்தம் 42 வந்தது. கோட்டின் தடிமன் 3.5 சென்டிமீட்டர், அதாவது உடம்பில் ஏழில் ஒரு பங்கு. அவர் கையில் இருந்த அலங்கார எழுத்துரு வேண்டாம், எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் ஓடும் எழுத்து போதும் என்றேன். எரியும் எழுத்து கண்ணுக்கு அதன் உண்மையான தடிமனைவிட ஊதித் தெரியும். பகலில் கொஞ்சம் மெலிந்து தெரிகிற எழுத்துதான் ராத்திரிக்குச் சரியான எழுத்து. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளியையும் தாளில் அழகாகத் தெரிவதைவிடத் தாராளமாகவே விட்டோம்.

எதைப் பெரிதாக எழுதுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. தங்கைக்குக் கடைப் பெயர் பெரிதாக வேண்டும். ராத்திரி காய்ச்சலோடு வருபவர் பெயரைத் தேடி வரவில்லை, மருந்தைத் தேடி வருகிறார் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் "மருந்தகம்" பெரிதாக, பெயர் அதற்குக் கீழே ஒரு வரியில், ஆங்கிலம் அதற்கும் சின்னதாக என்று ஒப்புக்கொண்டாள். தமிழ் முதலில் வர வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகள் விதியிலும் இருப்பதால் அந்தப் பக்கம் தகராறு இல்லை.

பின்னணி மங்கலான கரும்சாம்பல் ஏ.சி.பி. தகடு. வெள்ளைப் பின்னணி முழுக்க எரிந்து நடுவில் சிவப்பு எழுத்து வைக்கும் முறை பகலில் பளிச்சென்று இருக்கும். ராத்திரி அந்த வெள்ளை முழுதும் கண்ணில் அடித்து எழுத்தைத் தின்றுவிடும். இருண்ட தகட்டில் வெள்ளை எழுத்து மட்டும் எரிந்தால் வெளிச்சமும் குறைவாகப் போதும். பளபளப்புத் தகடு வாங்கினால் எதிரே உள்ள தெருவிளக்கு அதில் தெரியும், எனவே மங்கலானதுதான்.

எழுத்து செய்தது அலுமினியப் பக்கச்சுவர், முன்னால் 3 மில்லி பால்வெள்ளை அக்ரிலிக். ஆழம் 6 சென்டிமீட்டர். உள்ளே மூணு பல்பு கொண்ட 12 வோல்ட் எல்.இ.டி. மாட்யூல், ஒவ்வொன்றும் 0.72 வாட். இங்கே ஒரே ஒரு விஷயத்தைப் பிடிவாதமாகச் சொன்னேன்: மாட்யூலுக்கு மாட்யூல் இடைவெளி எழுத்தின் ஆழத்தைத் தாண்டக் கூடாது. 6 சென்டி ஆழம் என்றால் 6 சென்டிக்கு ஒன்று. காசை மிச்சம் பிடிக்க 10 சென்டிக்கு ஒன்று வைத்தால் முகத்தில் பொட்டு பொட்டாகத் தெரியும். தூரத்தில் அந்தப் பொட்டுகள்தான் கண்ணில் விழும், கோடு அறுந்து போகும். எழுத்துகளின் கோடு மொத்தம் சுமார் ஆறரை மீட்டர், எனவே 108 மாட்யூல்.

எழுத்துகள் தயாராகி வந்து பட்டறையில் எரிய வைத்தபோது "மருந்தகம்" அழகாக எரிந்தது. இரண்டு புள்ளி மட்டும் இருட்டு. கேட்டால், "புள்ளி சின்னது சார், மாட்யூல் உள்ள போகாது, வெள்ளை அக்ரிலிக்ல பட்டன் மாதிரி ஒட்டிருக்கோம், பகல்ல தெரியும்" என்றார். போர்டு ராத்திரிக்குத்தானே! எங்கள் கடலூர் வீதிகளில் அடுத்த முறை ராத்திரி நடக்கும்போது கவனித்துப் பாருங்கள், எத்தனையோ கடைகள் புள்ளி இல்லாமல் எரிகின்றன. அவர் வைத்திருந்த புள்ளி நாலரை சென்டிமீட்டர் விட்டம். மூணு பல்பு மாட்யூல் அதைவிட நீளம், நுழையாதுதான். ஆனால் ஒற்றைப் பல்பு மாட்யூல் என்று ஒன்று உண்டு, மூன்று சென்டிக்குள் அடங்கிவிடும். புள்ளியை 6 சென்டி விட்டத்துக்குப் பெரிதாக்கி, அதற்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே 4 சென்டி சந்து விட்டு, உள்ளே ஒற்றை மாட்யூல் வைக்கச் சொன்னேன். சந்து குறைந்தால் வெளிச்சத்தில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, 'ம்' தலையில் கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் தகட்டில் தனி ஓட்டை, தனி ஒயர். அவருக்கு அரை நாள் வேலை கூடியது, கூலியும் வாங்கிக்கொண்டார்.

கரண்ட் பக்கம் என் சொந்த ஊர், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டல் பெட்டியில் இரண்டு முகத்துக்கும் சேர்த்து 80 மாட்யூல். முகப்போடு சேர்த்து 188, சுமார் 136 வாட். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வைத்தால் 200 வாட் போதும். போர்டு கடைக்காரர் அதைக் கடைக்குள் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் வைத்து, 8 மீட்டருக்கு 1.5 சதுர மில்லி ஒயரில் 12 வோல்ட்டை இழுக்கப் பார்த்தார். போகவர 16 மீட்டர் செம்பு, 11 ஆம்பியர்: வழியிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் செத்துவிடும். கடைசி எழுத்து அழுது வடியும். போர்டுக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள பெட்டியில், ஏணி வைத்தால் கைக்கெட்டும் இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். வைத்தோம். உள்ளேயிருந்து வருவது 230 வோல்ட், அதற்கு எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.-யும். சாயங்காலம் ஏற்றி இரவு அணைக்க டைமர்.

கடல் இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. பழைய பெட்டியைக் கழற்றியபோது ஸ்க்ரூவைத் திருப்பினால் ஸ்க்ரூவே பொடியாக வந்தது. ஒயர் முனையெல்லாம் பச்சைப் பாசி. எல்லாவற்றையும் உப்புக் காற்றின் தலையில் கட்டிவிட முடியாது. போன முறை எவரோ காடி வாசம் அடிக்கிற சிலிக்கானை ஒயர் மேலேயே அப்பியிருந்தார்கள். அது காயும்போது விடும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும். வாசம் இல்லாத நியூட்ரல் சிலிக்கானை நானே வாங்கிக் கொடுத்தேன். 316 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் ஒரு சின்ன ஓட்டை, ஏனென்றால் எவ்வளவு அடைத்தாலும் தண்ணீர் எங்காவது உள்ளே போகும், போனது வெளியே வர வழி வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை ஏறிய காலையை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. நீட்டல் பெட்டிக்கு வினாடிக்கு 50 மீட்டர் காற்று என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சதுர மீட்டருக்கு 150 கிலோ தள்ளு வரும், இந்தப் பெட்டிக்கு ஏறக்குறைய 125 கிலோ. ஒரு ஆள் முகத்தில் தொங்கி ஆடுவதற்கும் மேல். செங்கல் சுவரில் பிளக் அடித்து மாட்டும் வேலை இல்லை. கான்கிரீட் தூணில் 10 மில்லி ஆங்கர் போல்ட் நாலு, கூடவே மேலிருந்து ஒரு சாய்வுக் கம்பி.

மாட்டிய அன்று ராத்திரி ஏழரைக்கு எரிய வைத்தோம். தங்கை கை தட்டினாள். போனில் படம் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பினாள். படத்தில் எழுத்து கத்தி போல் தெரிந்தது. நான் ரோட்டைக் கடந்து நின்று பார்த்தால், 'ம'வின் உள்சந்து பால் போல நிறைந்திருந்தது. போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிடும், கண் அப்படிச் செய்யாது. இந்த விஷயத்தில் படத்தை நம்பவே கூடாது. 12 வோல்ட் பக்கம் ஒரு பி.டபிள்யூ.எம். டிம்மர் போட்டிருந்தேன். தங்கை மகனை ஏணியில் ஏற்றி, நான் எதிரே நின்று "இன்னும் குறை, இன்னும் குறை" என்று சொல்லச் சொல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் 'ம'வுக்குள் இருட்டு திரும்பி வந்தது. 'த'வின் சுழி திறந்தது. அங்கேயே நிறுத்தினோம்.

"காசு குடுத்து வாங்கின வெளிச்சத்த எதுக்குண்ணா குறைக்கிற?" என்றாள் தங்கை. அவளை ரோட்டைக் கடக்க வைத்து, முழு வெளிச்சத்தில் ஒருமுறை, குறைத்து ஒருமுறை காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எதிர் ஸ்டாண்டில் இருந்த ஆட்டோ அண்ணன் மட்டும், "பச்சை ப்ளஸ்ஸு செம்மண்டலம் முனையிலேர்ந்தே தெரியுதும்மா" என்றார்.

மூன்று வாரம் கழித்து நல்ல மழை பெய்த ராத்திரி போன் வந்தது. "அண்ணா, கடைசி 'ம்'க்கு மேல புள்ளி போச்சு." மறுநாள் ஏறிப் பார்த்தேன். மாட்யூல் நன்றாகத்தான் இருந்தது. தகட்டுக்குப் பின்னால் புள்ளியின் இரண்டு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், ஈரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு, இன்னொரு புள்ளிக்கும் அப்படியே செய்துவிட்டு இறங்கினேன். அன்று சாயங்காலம் ஆறரைக்கு டைமர் ஏறியதும் தங்கை மகன் வாசலில் நின்று எண்ணிச் சொன்னான்: "ஆறு எழுத்து, ரெண்டு புள்ளி. எல்லாம் இருக்கு மாமா."